பொடுகு என்று வந்த ஈர், ஈர் என்று வந்த பொடுகு: ஒரே வீட்டின் இரண்டு போட்டோக்கள்

டெல்லி ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். மூத்தவள் நந்தினிக்கு 13 வயது, இளையவள் மீராவுக்கு 8. பெயர்களையும் அடையாளம் காட்டும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஜனவரி நடுவில், குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், அவர்களுடைய அம்மா வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோக்கள் அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: "டாக்டர், முதல் படம் சின்னவளோடது. பொடுகு. ஒரு மாசமா பொடுகு ஷாம்பு போடறேன், குறையவே இல்ல. ரெண்டாவது பெரியவளோடது. இவளுக்கு ஈர் ஒட்டிக்கிட்டிருக்குன்னு நினைக்கறேன். பேன் மருந்து வாங்கி ரெண்டு பேருக்கும் போட்டுடட்டுமா?"

விசாரித்து முடித்தபோது இரண்டுமே தலைகீழாக இருந்தது. சின்னவளுக்கு இருந்தது பேன், பெரியவளுக்கு இருந்தது பொடுகு. தோல் மருத்துவர்களுக்கு இது அபூர்வமான நோயே இல்லை. ஆனாலும் இந்த வீட்டுக் கதையை விரிவாக எழுதக் காரணம், இரண்டு தவறான முடிவுகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதுதான். அந்த அம்மா படத்தில் பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்தார். பேன் விஷயத்தில் பளிச்சென்று தெரிவதுதான் மிகக் குறைவாகச் சொல்லும்.

முதல் படம்

மீராவின் வலது காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிப் பிடித்து, ஃப்ளாஷ் போட்டு எடுத்திருந்தார்கள். தேங்காய் எண்ணெய் தடவிய முடி. ஒவ்வொரு முடியின் மேலும் ஃப்ளாஷ் வெளிச்சம் கோடாக மின்னியது. அந்த மினுமினுப்புக்கு நடுவே இருபது முப்பது வெள்ளைப் புள்ளிகள். போனை மிக அருகில் கொண்டுபோனதால் பாதிப் படம் மங்கல்.

அந்த மங்கலிலும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. புள்ளிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முடியோடு மட்டும் சேர்ந்திருந்தது, இரண்டு மூன்று முடிகளுக்குக் குறுக்கே எதுவும் கிடக்கவில்லை. முடியின் நடுவில் கோத்த மாதிரி இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருந்தன. தலைத் தோலில் செதில் எதுவும் தெரியவில்லை. பொடுகு இப்படி நடந்துகொள்ளாது. பொடுகு என்பது தோலிலிருந்து உரிந்த செதில். அதற்கு ஒரே அளவு கிடையாது, ஓரங்கள் கிழிந்து ஒழுங்கில்லாமல் இருக்கும், பெரியதும் சிறியதுமாக முடிகளுக்கு இடையில் எங்கெங்கோ சிக்கிக் கிடக்கும், தோலிலும் இருக்கும், சட்டைக் காலரிலும் இருக்கும்.

ஈர் அப்படியில்லை. பெண் பேன் முடியின் அடியில், தோலுக்கு மிக அருகில், ஒவ்வொரு முட்டையாக வைத்து, தன் உடலில் சுரக்கும் பசையால் முடியோடு ஒட்டிவிடும். அந்தப் பசை முடியைச் சுற்றி உறை போல இறுகிவிடுகிறது. முட்டை நீள்வட்டமாக, சுமார் 0.8 மில்லிமீட்டர் நீளத்தில், முடியின் ஒரு பக்கத்தில் சாய்வாக நிற்கும். அதன் மூடி தலைத் தோலுக்கு எதிர்ப்பக்கம், முடியின் நுனியைப் பார்த்தபடி இருக்கும். நல்ல படமாக இருந்தால் இந்தச் சாய்வு ஒன்றை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

அம்மாவிடம் இன்னொரு படம் கேட்டேன், எப்படி எடுப்பது என்றும் சொன்னேன். எண்ணெய் இல்லாத, உலர்ந்த தலை. பகலில் ஜன்னலோரமாக உட்கார வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். ஃப்ளாஷ் வேண்டாம். போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு எடுத்தால் பெரும்பாலான போன்களுக்கு ஃபோகஸ் ஆகாது. பள்ளி ஸ்கேலின் பூஜ்யம் தலைத் தோலில் படும்படி முடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு படம் காதுக்குப் பின்னால், ஒன்று பிடரியில், ஒன்று உச்சி வகிட்டில். அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், அந்தச் சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது நாம் தேடும் இந்த ஒரு மில்லிமீட்டர் விவரம்தான்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம்

மறுநாள் வந்த படத்தில் அதே காதுப்பக்கம், ஆனால் வேறு காட்சி. ஸ்கேலில் 15 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலான பகுதியில் முந்தைய படத்தின் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. புதிதாகத் தெரிந்தவை வேறு. தோலிலிருந்து இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டருக்குள் ஏழெட்டு முட்டைகள், காப்பித்தூள் நிறத்தில், கொஞ்சம் உப்பலாக, மங்கலான பளபளப்போடு. முதல் படத்தில் இவை இல்லவே இல்லை. அதாவது, இருந்தன. கறுப்பு முடியின் மேல் இருந்த பழுப்பு நிறத்தை ஃப்ளாஷ் விழுங்கிவிட்டது.

உயிருள்ள கரு உள்ளே இருக்கும் முட்டை பழுப்பாக இருக்கும். நம் ஊர்க் கறுப்பு முடியில் அது கண்ணுக்கு எளிதில் சிக்காது. ஏழு முதல் பத்து நாளில் குஞ்சு வெளியேறியதும் வெறும் கூடு மிஞ்சும். ஒளி ஊடுருவும் அந்தக் கூடு கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகத் தெரியும். முடி வளர வளர அந்தக் கூடும் தோலை விட்டுத் தள்ளிப் போய், மேலே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்துக்கு வந்துவிடும். ஆக, சாதாரண போட்டோவில் எண்ண முடிவதெல்லாம் பெரும்பாலும் காலிக் கூடுகள். இன்னும் குஞ்சு பொரிக்க வேண்டியவை தோலை ஒட்டி, நிழலில், முடியின் நிறத்தோடு கலந்து இருக்கின்றன. வெள்ளைப் புள்ளி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து நோயின் அளவை மதிப்பிடுவது இதனால்தான் பிசகுகிறது.

மீராவின் பாட்டி இதை வேறு வழியில் முன்பே சொல்லியிருக்கிறார். மார்கழி மாதம் டெல்லிக்கு வந்திருந்தவர், பேத்தியின் தலையைத் தடவிப் பார்த்து "இது ஈருடி, பொடுகு இல்ல" என்றாராம். கண்புரை இருப்பதால் அவருக்குச் சரியாகத் தெரியாது என்று வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் பாட்டி கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு முடியை இரண்டு விரலுக்கு இடையே பிடித்து நுனி நோக்கி உருவியிருக்கிறார், புள்ளி நகரவில்லை. பொடுகு என்றால் உருவும்போதே கையோடு வந்துவிடும், ஊதினாலும் பறக்கும். ஈர் அசையாது, அதை நகத்தால் பிடித்து முடியின் நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இந்தச் சோதனையைப் படத்திலும் செய்யலாம். ஒரு முடியை மட்டும் பிடித்து, உருவும் முன் ஒரு படம், உருவிய பின் ஒரு படம். அம்மா எடுத்து அனுப்பினார். ஸ்கேலில் புள்ளி அதே இடத்தில் இருந்தது.

எப்போது வந்தது?

இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பது இதன் விடையைப் பொறுத்தது.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. முட்டை வைக்கப்படுவது தோலை ஒட்டி. படத்தில் மிகத் தொலைவில் இருந்த கூடு 25 மில்லிமீட்டரில். அப்படியானால் அந்த முட்டை வைக்கப்பட்டு சுமார் இரண்டரை மாதம் ஆகியிருக்கும், அதாவது நவம்பர் தொடக்கத்தை ஒட்டி. குழந்தைக்குக் குழந்தை வளரும் வேகம் மாறும் என்பதால் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே இருக்கலாம். அந்தச் சமயத்தில் தீபாவளிக்கு உறவுக்காரக் குழந்தைகள் வந்து ஒரே அறையில், ஒரே ரஜாய்க்குள் தலையோடு தலை வைத்துப் படுத்திருந்ததாக அம்மா நினைவுகூர்ந்தார். அங்கிருந்துதான் வந்தது என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. பள்ளியிலிருந்தும் வந்திருக்கலாம், மீராவிடமிருந்தே அந்தக் குழந்தைகளுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த வீடுகளுக்கும் ஒரு போன் போட வேண்டும் என்பதற்கு இது போதும். பேன் குதிக்காது, பறக்காது, முடி விட்டு முடி ஏறும். தலையும் தலையும் ஒட்டியிருக்கும் நேரம்தான் அதற்கு வழி. தொப்பி, சீப்பு வழியாகப் பரவுவது அதைவிட மிகக் குறைவு.

அரிப்பு எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு "டிசம்பர் நடுவுல இருந்து" என்றார் அம்மா. கணக்கு பொருந்துகிறது. அரிப்பு பேன் கடிப்பதால் மட்டும் வருவதில்லை, அதன் எச்சிலுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையால் வருவது. முதன்முதலாகப் பேன் வரும் குழந்தைக்கு அந்த ஒவ்வாமை உருவாகவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை குழந்தை சொறியாது, யாருக்கும் சந்தேகம் வராது, பேன் மட்டும் பெருகும். டிசம்பரில் அரிப்பு வந்தபோது டெல்லியில் குளிர் இறங்கியிருந்தது. வாரம் ஒரு முறைதான் தலைக்குக் குளியல், அதுவும் கீசரின் கொதிக்கும் தண்ணீரில். ராத்திரி முழுக்க அறையில் ஹீட்டர், பகலில் கம்பளித் தொப்பி. தோல் வறண்டு அரிக்கிறது என்று எந்த அம்மாவும் நினைப்பார். பொடுகு என்ற முடிவு வந்தது போட்டோவிலிருந்து இல்லை, காலண்டரிலிருந்து.

இன்னொரு விஷயமும் பொடுகுக்கு எதிராக நின்றது. அது மீராவின் வயது. பொடுகு பெரியவர்களின் நோய் என்றே சொல்லலாம். தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பருவமடையும் வயதில்தான் முழுமூச்சாக வேலை செய்யத் தொடங்குகின்றன. பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசேசியா என்ற ஈஸ்ட் அந்த எண்ணெயைத் தின்று வாழ்வது. கைக்குழந்தைகளுக்குத் தாயின் ஹார்மோன் காரணமாகக் கொஞ்ச நாள் தலையில் பொருக்கு வரும், போய்விடும். அதற்கும் பருவ வயதுக்கும் நடுவே, அதாவது பள்ளிப் பிள்ளைகளின் ஐந்து முதல் பத்து வயதில், உண்மையான பொடுகு அதிகம் கிடையாது. எட்டு வயதுக் குழந்தையின் தலையில் "பொடுகு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது ஈர் இருக்கிறதா என்றுதான். ஈர் இல்லாமல் செதில் மட்டும் இருந்தால் அடுத்தது படர்தாமரை. தலையில் வரும் படர்தாமரையில் செதிலோடு முடி உதிர்ந்த திட்டு இருக்கும், அந்தத் திட்டில் உடைந்த முடிகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும், கழுத்தில் நெறி கட்டியிருக்கும். அது ஷாம்புவுக்கு அடங்காது. வாரக்கணக்கில் வாய்வழி மாத்திரை வேண்டும், விட்டுவைத்தால் சிலருக்கு முடி திரும்ப வளராமலே போகும். மீராவின் மூன்று படங்களிலும் அப்படி எந்தத் திட்டும் இல்லை.

அக்காவின் தலை

நந்தினியின் படத்தில் அம்மாவைப் பயமுறுத்தியது உச்சி வகிட்டுக்குப் பக்கத்தில் முடியில் கோத்திருந்த நாலைந்து வெள்ளைத் துண்டுகள். முடியோடு ஒட்டியிருந்ததால் ஈர் என்று நினைத்திருக்கிறார். சுற்றிலும் தோலில் மெல்லிய செதில், காலரில் உதிர்ந்த பொடி.

படத்தைப் பெரிதாக்கியதும் வித்தியாசம் தெரிந்தது. அந்தத் துண்டுகள் முடியின் ஒரு பக்கத்தில் இல்லை, முடியைச் சுற்றிக் குழாய் மாதிரி இருந்தன, முடி அதன் நடுவில் நுழைந்து வெளியே வந்தது. நீளமும் ஒன்றுபோல் இல்லை, ஒன்று இரண்டு மில்லிமீட்டர், இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்கு. இவை முடி முளைக்கும் குழியின் உள் உறையிலிருந்து கழன்று வரும் கெரட்டின் வளையங்கள். இறுக்கி இழுத்துப் பின்னல் போடும் பெண் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கலாம், பொடுகோடு சேர்ந்தும் வரும். ஈர் என்று தப்பாக நினைக்கப்படுபவற்றில் அசலுக்கு மிக நெருக்கமானது இதுதான். வெறும் படத்தை வைத்து மருத்துவர்களும் ஏமாறுவதுண்டு.

பாட்டியின் சோதனை இங்கேயும் கைகொடுத்தது. முடியைப் பிடித்து உருவியதும் வளையங்கள் வழுக்கிக்கொண்டு நுனி வரை வந்தன. ஈர் இப்படி வழுக்காது. இடமும் பொருந்தவில்லை. பேனுக்குப் பிடித்த இடங்கள் காதுக்குப் பின்புறமும் பிடரியும். நந்தினியின் அந்த இரண்டு இடங்களும் சுத்தமாக இருந்தன. 13 வயது, எண்ணெய் வழியும் முகம், உச்சியில் செதில் என்றால் இது அவள் வயதுக்குரிய பொடுகு.

அம்மா கேட்டிருந்தபடி இரண்டு பேருக்கும் பேன் மருந்து போட்டிருந்தால் நந்தினிக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் நேர்ந்திருக்காது. ஆனால் வெள்ளை வளையங்கள் அப்படியே இருந்திருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி போட்டிருப்பார்கள். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்கள், இங்கே ஈரே இல்லை.

படம் சொல்லாதது

இவ்வளவு பார்த்த பிறகும் மீராவுக்கு மருந்தை எழுதவில்லை, நேரில் வரச் சொன்னேன். போட்டோ ஈரைக் காட்டும், உயிரோடு பேன் இருக்கிறதா என்பதைக் காட்டாது. வெளிச்சம் பட்டதும் பேன் முடிக்குள் ஓடிவிடும். தோலிலிருந்து ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கும் பழுப்பு முட்டை பலமான சந்தேகத்தைத் தரும், அவ்வளவுதான். வெப்பமான ஊர்களில் அதைவிடத் தள்ளியும் உயிருள்ள முட்டை இருக்கலாம் என்பதால் அந்த ஆறு மில்லிமீட்டரும் கல்லில் செதுக்கிய எல்லை இல்லை. மருந்து கொடுக்கக் காரணமாக வேண்டியது நடமாடும் பேன் ஒன்று.

அதைக் கண்டுபிடிக்கக் கண்ணை விட நல்ல கருவி பேன் சீப்புதான். முடியை நனைத்து நிறைய கண்டிஷனர் தடவினால் பேன் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும், சீப்பும் சிக்காமல் போகும். முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்து, அப்புறம் பேன் சீப்பின் பற்கள் தலைத் தோலைத் தொடும்படி வைத்து, அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் சீப்பு வளைந்துகொடுக்கும், உலோகப் பல் உள்ளது நல்லது. மீராவின் பிடரியில் இரண்டாவது இழுப்பிலேயே எள் அளவுக்கு ஒரு பேன், காலை உதறிக்கொண்டு வந்தது. காதுப்பக்கத்தில் இன்னும் இரண்டு. அம்மாவின் முகம் மாறியது. "தினமும் தலை வாரி விடறேனே டாக்டர்" என்றார். தினமும் வாரினாலும் பேன் வரும். சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று அது பார்ப்பதில்லை.

பிடரியில் சொறிந்த கீறல்களும், மஞ்சள் பொருக்கு கட்டிய சிறு புண்களும் இருந்தன. கழுத்தின் பின்புறம் இரண்டு நெறிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அம்மா அதைக் குளிரில் வந்த கட்டி என்று நினைத்திருந்தார். சொறிந்த இடத்தில் கிருமி புகுந்து வந்த நெறி அது. புண்ணுக்குக் களிம்பு கொடுத்தேன், ஒரு வாரத்தில் ஆறியது.

நந்தினியின் தலையிலும் அதே சீப்பைப் போட்டுப் பார்த்தேன். செதில் வந்தது, பேன் வரவில்லை. நான்கு நாள் கழித்து வீட்டில் அம்மா இன்னொரு முறை வாரினார், அப்போதும் இல்லை. தங்கையோடு ஒரே கட்டிலில் படுக்கிறவள் என்பதால் அவளுக்கும் மருந்து போடலாமா என்று யோசித்தேன். சீப்பு இரண்டு முறை இல்லை என்று சொன்ன பிறகு தேவைப்படவில்லை. அம்மா, அப்பா தலைகளையும் வாரச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு பேன் கிடைத்தது. பாட்டி ஊருக்குத் திரும்பியிருந்தார், அவருக்குப் போனில் தகவல்.

மருந்தும் நாட்கணக்கும்

மீராவுக்கும் அம்மாவுக்கும் எழுதியது 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன். இந்த எண்ணை மருந்துக்கடையில் உற்றுப் பார்க்க வேண்டும். அதே பெயரில் 5 சதவீத கிரீம் உண்டு, அது சிரங்குக்கு உடலில் தடவுவது. தலைப்பேனுக்கு 1 சதவீதம்.

கண்டிஷனர் கலக்காத சாதாரண ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகு துண்டால் ஒற்றி, ஈரத் தலையில் லோஷன் தடவ வேண்டும். கண்டிஷனர் முடியில் இருந்தால் மருந்து பிடிக்காது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தொடங்கி, எல்லா முடியின் அடியும் நனையும்படி தடவ வேண்டும். 10 நிமிடம், கண்ணில் படாமல். அப்புறம் அலசிவிடலாம். ஒன்றிரண்டு நாள் தலைக்கு ஷாம்பு வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துச் சீப்பு போட்டுப் பார்க்க வேண்டும். பேன் செத்தோ தள்ளாடியோ இருந்தால் மருந்து வேலை செய்கிறது. முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்தப் பேனுக்கு மருந்து எடுபடவில்லை என்று அர்த்தம், அதே மருந்தைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பயனில்லை, மருத்துவரிடம் வேறு கேட்க வேண்டும். மீராவின் தலையில் மறுநாள் வந்தவை எல்லாம் செத்தவை.

ஒன்பதாம் நாள் மறுபடி ஒரு முறை. இதைத்தான் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்குள் அரிப்பு குறைந்திருக்கும். பெர்மெத்ரின் நடமாடும் பேனைக் கொல்லும், முட்டைகளில் பலவற்றை விட்டுவிடும். முதல் நாள் தப்பிய முட்டைகள் அடுத்த ஒன்பது பத்து நாளுக்குள் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானே முட்டை வைக்க இன்னும் ஒன்பது பத்து நாளாவது வேண்டும். ஒன்பதாம் நாள் என்பது ஏறக்குறைய எல்லாம் பொரித்துவிட்ட, ஆனால் எதுவும் இன்னும் முட்டை வைக்காத சமயம். மூன்றாம் நாளே அவசரப்பட்டுப் போட்டால் முட்டைகள் இன்னும் மூடியபடி இருக்கும். மூன்று வாரம் தள்ளிப் போட்டால் அடுத்த தலைமுறை வந்திருக்கும்.

வீட்டைப் புரட்டிப் போட்டுத் துவைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். தலையை விட்டு விழுந்த பேன் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, தொப்பி, துண்டு, இவற்றை வெந்நீரில் துவைத்தால் போதும்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு யோசனை வந்திருந்தது: மண்ணெண்ணெய் தடவித் துணி கட்டிவிடலாம் என்று. அதைக் கேட்டதும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. தோல் வெந்துபோவது ஒரு பக்கம். ஜனவரி மாத டெல்லியில், அறையில் ஹீட்டர் கம்பி சிவந்து எரியும்போது, குழந்தையின் தலையில் மண்ணெண்ணெய் என்பது தீ விபத்துக்கு அழைப்பு. வினிகரும் வேண்டாம் என்றேன். ஈரின் பசை புரதத்தால் ஆனது, முடியைச் சேதப்படுத்தாமல் அதைக் கரைக்கும் வீட்டுப் பொருள் எதுவும் இல்லை. மீரா ஒரு மாதமாகப் போட்டுவந்த பொடுகு ஷாம்பு நந்தினிக்குப் போனது. அதில் இருந்த கீட்டோகோனசோல் ஈஸ்டைக் கட்டுப்படுத்தும், பேனை ஒன்றும் செய்யாது. வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். பின்னலையும் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். ஒரு மாதத்தில் செதிலும் வளையங்களும் குறைந்தன.

மூன்று வாரம் கழித்து

பிப்ரவரி தொடக்கத்தில் அம்மாவிடமிருந்து பதற்றமாக ஒரு செய்தி. வகுப்பு ஆசிரியை மீராவின் தலையில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, ஈர் முழுவதும் போகும் வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று டைரியில் எழுதிவிட்டார். "ரெண்டு தடவை மருந்து போட்டாச்சு. மறுபடி வந்துடுச்சா டாக்டர்?"

மீண்டும் ஜன்னலோரம், ஸ்கேல், ஃப்ளாஷ் இல்லாத படம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பு இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டரில் இருந்த பழுப்பு முட்டைகளின் இடத்தில் இப்போது எதுவும் இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் பகுதியில் ஏழெட்டு வெள்ளைக் கூடுகள். அதே முட்டைகள்தான். மூன்று வாரத்தில் முடி ஏழு மில்லிமீட்டர் வளர்ந்து, அவற்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. தோலிலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரை புதிதாக ஒன்றுகூட இல்லை. உயிருள்ள பெண் பேன் ஒன்று இருந்திருந்தாலும் தினமும் சில முட்டைகள் அந்த இடத்தில் வந்திருக்கும். அம்மா நான்கு நாளுக்கு ஒரு முறை சீப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதிலும் எதுவும் வரவில்லை.

மூன்றாவது முறை மருந்து வேண்டாம் என்றேன். பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தேன்: உயிருள்ள பேன் இல்லை, தெரிவது காலிக் கூடுகள், குழந்தை வகுப்பில் உட்கார எந்தத் தடையும் இல்லை. உயிருள்ள பேன் இருந்தாலும் குழந்தையை வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. கண்டுபிடிக்கும் நேரத்துக்கு அந்தப் பேன் வாரக்கணக்கில் தலையில் இருந்திருக்கும், ஒரு நாள் வகுப்பை விட்டு விலக்கிவைப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. இதையும் கடிதத்தில் சேர்த்தேன். கூடவே இரண்டு படங்களின் பிரதியையும் ஸ்கேல் தெரியும்படி வைத்தேன். ஆசிரியைக்குக் கடிதத்தை விட அந்தப் படங்கள்தான் புரிந்தன என்று அம்மா பிறகு சொன்னார். அதே வகுப்பில் மேலும் சில குழந்தைகளின் பெற்றோருக்குச் சீப்பு போட்டுப் பார்க்கச் சொல்லி ஆசிரியை எழுதினார். மீரா மறுநாள் பள்ளிக்குப் போனாள். மிச்சமிருந்த கூடுகளை அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் நகத்தால் உருவி எடுத்தார். மருத்துவரீதியாக அதற்கு அவசியம் இல்லை. ஆனால் வகுப்பில் யாரும் மறுபடி கேட்கக் கூடாது என்று மீராவே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.